ஒன்று விட்டு ஒரு விளக்கு

நகராட்சிகளில் தெருவிளக்கு வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். அந்த அனுபவத்தில் ஒரு தவறும் உண்டு. அந்தத் தவறைச் சொல்லி, அது ஏன் தவறு என்று விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சோடியம் விளக்குகள் எரிந்த காலம் அது. நான் பணி செய்த ஊரின் கடைத்தெருவில் முப்பது மீட்டருக்கு ஒரு கம்பம். எட்டு மீட்டர் உயரத்தில் விளக்கு. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. இரவு பதினொரு மணிக்கு மேல் நடமாட்டம் குறைவுதானே, ஒன்று விட்டு ஒரு விளக்கை அணைத்தால் செலவு பாதியாகுமே என்று யோசனை வந்தது. உத்தரவில் கையெழுத்திட்டவன் நானே. மூன்றாவது வாரம், தள்ளுவண்டியில் சிற்றுண்டி விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு பெரியவர் மீது லாரி மோதி, அவருடைய கால் முறிந்தது. லாரி ஓட்டியவர் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. “விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன ஐயா, ஆள்தான் தெரியவில்லை” என்றார். மறுநாள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். அணைக்கப்பட்ட ஒரு கம்பத்தின் நேர் அடியில் அது நடந்திருந்தது.

பாதி விளக்கு அணைந்தால் பாதி வெளிச்சம் இருக்கும் என்பது என் கணக்கு. தெரு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் சாலையில் நடப்பவர் சராசரியில் நடப்பதில்லை. ஓர் இடத்தில் நடக்கிறார்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாத் திசையிலும் ஒரே அளவாக ஒளி வீசும் விளக்கு ஒன்று எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவிலுள்ள இடம் கம்பத்தின் அடியிலிருந்து பதினைந்து மீட்டர். எனவே விளக்கிலிருந்து அந்த இடத்துக்குச் சாய்வான தூரம் பதினேழு மீட்டர். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதோடு, ஒளி தரையில் சாய்ந்து விழுவதால் அதிகப் பரப்பில் பரவி, மேலும் மெலிகிறது. இரண்டையும் சேர்த்தால், கம்பத்தடியில் கிடைக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கே நடுவிடத்துக்கு வருகிறது. இருபுறமும் கம்பம் இருப்பதால் அது ஐந்தில் ஒரு பங்காகிறது.

இப்போது ஒன்று விட்டு ஒன்றை அணையுங்கள். எரியும் விளக்குகளுக்கு இடையே அறுபது மீட்டர். நடுவிடத்துக்குச் சாய்வுத் தூரம் முப்பத்தொரு மீட்டர். இருபுற விளக்குகளும் சேர்ந்து அங்கே தருவது, எரியும் கம்பத்தடி வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அதாவது முன்பு நடுவிடம் பெற்ற வெளிச்சம் பாதியாகவில்லை, ஆறில் ஒன்றாயிற்று.

இன்னொன்றும் உண்டு. இரவில் தெருவிளக்கின் கீழ் மனிதரை நாம் பெரும்பாலும் நிழலுருவமாகவே காண்கிறோம். பின்னால் தெரியும் சாலை பிரகாசமாக இருப்பதால் கறுத்த உருவம் எடுத்துக்காட்டப்படுகிறது. சாலையே அங்கு இருண்டிருந்தால் கறுப்பின் மேல் கறுப்பாக உருவம் மறைந்துவிடுகிறது. பிரகாசமான திட்டிலிருந்து இருட்டுத் திட்டுக்கு வரும் கண்ணும் உடனே பழகிக்கொள்வதில்லை. எனவே ஒன்று விட்டு ஒரு விளக்கு எரியும் தெருவில், எரியும் விளக்கே ஓட்டுநரின் கண்ணை ஏமாற்றுகிறது.

அப்படியானால் தெருவை எப்படி வகுப்பது? ஐ.எஸ். 1944 என்ற இந்தியத் தரக்குறிப்பின் 1970-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்ப்போம். கடைத்தெரு போன்ற, போக்குவரத்து மிகுந்த இரண்டாந்தர வீதிக்குச் சராசரி 8 லக்ஸ் என்றும், போக்குவரத்துக் குறைந்த வீதிக்கு 4 லக்ஸ் என்றும் அது கூறிற்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். அத்துடன் அந்தக் குறிப்பு நிற்கவில்லை. மிகக் குறைந்த வெளிச்சமுள்ள இடமும் சராசரியில் பத்தில் மூன்று பங்குக்குக் குறையலாகாது என்றது. நான் படித்துவிட்டு மறந்தது இந்த இரண்டாவது வரிதான்.

ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை எடுத்துக்கொள்வோம். இன்றைய எல்.இ.டி. விளக்கில் 60 வாட் கொண்டது 7,200 லூமன் தருகிறது என்று வைப்போம். அதில் சாலை மேல் விழுவது நூற்றுக்கு நாற்பது. தூசியும் வயதும் சேர்ந்து அதிலும் கால் பங்கைக் குறைத்துவிடும். மிஞ்சுவது 2,160 லூமன். எட்டு லக்ஸ் சராசரிக்குக் கம்பங்களை முப்பத்தெட்டு மீட்டர் தூரத்தில் நடலாம் என்று காகிதம் சொல்லும். ஆசையாகத்தான் இருக்கும்; கம்பங்கள் குறையும் அல்லவா? ஆனால் நடுவிடம் இருண்டுவிடும். விளக்கின் உயரத்தைப் போல் நாலு மடங்குக்குள் இடைவெளியை நிறுத்துவது நல்லது. எனவே எட்டு மீட்டர் உயரத்துக்கு முப்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 50 வாட், 6,000 லூமன் விளக்கைப் பொருத்தினால் சராசரி எட்டரை லக்ஸ் கிடைக்கிறது. விளக்கின் கண்ணாடி வில்லையும் நேர் கீழே கொட்டாமல், ஏறக்குறைய அறுபது பாகைச் சாய்வில் மும்மடங்கு ஒளியை வீசுவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் நடுவிடம் நிரம்பும். அதற்கும் மேல் சாய்த்து வீசினால் ஓட்டுநரின் கண் கூசும்.

இனி மின்சாரக் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு 34 கம்பங்கள். பழைய 150 வாட் சோடியம் விளக்கு, சோக்கும் சேர்த்து 170 வாட் இழுக்கும். பதினொரு மணி நேர இரவுக்கு ஏறக்குறைய 64 யூனிட். 50 வாட் விளக்கானால் 19 யூனிட்டுக்குள் அடங்குகிறது. இதிலும் நள்ளிரவில் சிக்கனம் செய்ய வேண்டுமா? இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை எல்லா விளக்குகளையும் பாதி ஒளிக்கு மங்கச் செய்யுங்கள். 13.6 யூனிட் ஆகும். ஒன்று விட்டு ஒன்றை அணைத்தாலும் அதே 13.6 யூனிட்தான். ஒரு காசும் கூடுதல் மிச்சமில்லை. ஆனால் மங்கிய தெருவில் சராசரி நாலு லக்ஸுக்கு மேலே நிற்கிறது. ஒவ்வோர் இடமும் அதே விகிதத்தில்தான் குறைகிறது. எங்கும் இருட்டுத் திட்டு விழுவதில்லை. சோடியம் விளக்கை அப்படி எளிதில் மங்கச் செய்ய இயலவில்லை. இன்று வாங்கும்போதே, மங்கச் செய்யும் வசதியுள்ள டிரைவர் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும்.

விளக்குப் போட்ட பின் சோதிப்பது எப்படி? எல்லாரும் லக்ஸ் மீட்டரைக் கம்பத்தடியில் வைத்துப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். அதை நடுவிடத்தில், சாலையின் எதிர் ஓரத்தில் தரையோடு வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லையெனில், இருண்ட உடையணிந்த ஒருவரை அங்கே நிறுத்தி அறுபது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். உருவம் தெரியவில்லை என்றால், வேப்பங்கிளை மறைக்கிறதா, கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறதா, ஒரு விளக்கு பழுதா என்று தேடுங்கள். ஒரே ஒரு விளக்குப் பழுதானாலும் அந்த இடத்தில் அறுபது மீட்டர் இடைவெளி பிறந்துவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

விபத்து நடந்த அன்றே உத்தரவைத் திரும்பப் பெற்றேன். அணைந்த விளக்குகள் அன்று மாலையே எரிந்தன. அந்தப் பெரியவர் மட்டும் பிறகு வண்டி தள்ளவில்லை.