பத்து நிமிச வேலைக்கு எழுபது பவுணா?
(எமது மாதாந்தச் சந்திப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்ர சித்தப்பா லண்டனில் பிளம்பர். படிப்புக்கு நடுவில் அவருக்கு வாற போன் அழைப்புகளை எடுத்து, விலை சொல்லி, பில் எழுதுறது நான். போன வருசம் நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குறன்.

ஒரு அன்ரி எடுத்தா. குசினிக் குழாய் சொட்டுது எண்டா. நான் "கோல்-அவுட் சார்ஜ் 70 பவுண், அன்ரி" எண்டு மட்டும் சொன்னன். அந்த 70-இல் முதல் அரை மணி நேர வேலை அடங்கும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் 25. இதை நான் சொல்லவில்லை.

குழாய்க்குள் இருக்கிற கார்ட்ரிட்ஜை மாற்றுவது சாதாரணமாக இருபது நிமிச வேலை. ஆனால் சிங்குக்குக் கீழே தண்ணியை நிற்பாட்டுற சின்ன வால்வு இறுகிப் போயிருந்தது. மெயினை மூடி, அந்த வால்வையும் மாற்றி முடிக்க 100 நிமிசம். பில் 145 பவுண், சாமான் காசு வேறை. "எழுபது எண்டுதானே தம்பி சொன்னனீங்கள்?" எண்டு அன்ரி சித்தப்பாவைக் கேட்டா. காசைத் தந்தா, பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை.

அந்த 70 எதுக்கு? அன்ரி வீட்டுக்குப் போக 40 நிமிசம், பார்க்கிங் தேட 10 நிமிசம். இருபது நிமிசத்தில் வேலை முடிந்திருந்தாலும் மொத்தம் 70 நிமிசம் போயிருக்கும். வான், பெற்றோல், இன்சூரன்ஸ், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு எங்கள் கணக்கில் ஏறக்குறைய 25 பவுண். மிச்சம் 45. அதிலிருந்துதான் வரி. சுகமில்லாமல் படுத்தால் அவருக்குச் சம்பளம் தர ஆளில்லை. வீட்டுக்காரர் கண்ணால் பார்ப்பது இருபது நிமிசத்தை மட்டும்தான். மிச்ச உழைப்பு றோட்டில் நடக்குது.

இன்னொரு முறை, வேலைக்கு ஒரு விலை. கார்ட்ரிட்ஜ் மாற்ற 95 பவுண், எவ்வளவு நேரம் எடுத்தாலும். வேலை சுகமாக முடிந்தால் வீட்டுக்காரர் 25 பவுண் கூடக் கட்டுறார். வால்வு இறுகியிருந்தால் சித்தப்பாவுக்கு 50 பவுண் குறையுது. ஆக, இரண்டு முறைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம், அந்த இறுகின வால்வை யார் சுமக்கிறது என்பதுதான். கோல்-அவுட்டில் வீட்டுக்காரர், வேலை விலையில் தொழிலாளி. விலையை இடையில் இருக்கிற ஒரு அப் தீர்மானித்தால், தொழிலாளி தான் போடாத விலைக்கும் சேர்த்து அந்தச் சுமையைத் தூக்குறார்.

எல்லா வேலைக்கும் முன்கூட்டி விலை சொல்லவும் முடியாது. சீலிங்கில் ஈரம் எண்டு ஒருவர் எடுத்தால், மேலே குளியலறை சீலன்ட் விட்டதா, கழிவுக் குழாயா, சுவருக்குள் போற பைப்பா? பார்க்காமல் சொல்லுற விலை ஊகம். பயத்தில் கூடச் சொல்லுவோம், இல்லாட்டி குறைச்சுச் சொல்லிப்போட்டு வேலையை அரைகுறையாக விட்டு ஓடுவோம். அதனால் இப்ப நாங்கள் இரண்டையும் பிரிச்சிட்டம். என்ன வேலை எண்டு தெரிந்தால் வேலை விலை. தெரியாவிட்டால் கோல்-அவுட்டில் போய்ப் பிழையைக் கண்டுபிடிக்கிறது, பிறகு கையை நிற்பாட்டி, திருத்துறதுக்கு ஒரு விலை சொல்லி, சம்மதம் கேட்கிறது.

வேலை விலையில் எங்கட பக்கம் ஒரு அநியாயமும் ஒளிஞ்சிருக்கு. அந்த 95-க்குள் பயணமும் இருக்கு. அதே நாளில் ரொய்லெட் சிஸ்ரேன் வால்வையும் மாற்றிவிட்டு இன்னொரு 95 வாங்கினால், ஒரே பயணத்துக்கு இரண்டு தரம் காசு வாங்குறம். இப்ப இரண்டாவது வேலைக்கு 50.

இதை விளக்க நீண்ட பேச்சு வேண்டாம். வான் புறப்பட முன்னம் தமிழிலேயே இப்படி ஒரு மெசேஜ் அனுப்புறன்: "அன்ரி, வீட்டுக்கு வர 70 பவுண். அதில் முதல் அரை மணி வேலையும் இருக்கு. பிறகு அரை மணிக்கு 25. சாமான் வேறை, பற்றுச்சீட்டுக் காட்டுவோம். 100 பவுணைத் தாண்டும் எண்டால் நிற்பாட்டி உங்களைக் கேட்போம்." இது வெறும் மரியாதை இல்லை. மொத்த விலையை முன்னமே சொல்ல முடியாவிட்டால், அது எப்படிக் கணக்கிடப்படும் என்பதைச் சொல்லவேண்டும் என்று பிரித்தானியாவின் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளும் கேட்கின்றன.

அந்தக் கடைசி வசனம் அன்றைக்கு இருந்திருந்தால், இறுகின வால்வை சித்தப்பா தொட முன்னம் அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். மாற்றுவதா விடுவதா எண்டு அவவே முடிவெடுத்திருப்பா. 145 பவுண் வந்திருந்தாலும், அது அவவுக்குத் தெரிஞ்ச 145-ஆக இருந்திருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ.