காண்டிராக்டருக்கு ஒரு கடிதம்



தாராவியில் ஒருவர் மாடி கட்டக் காண்டிராக்டரிடம் ஒப்பந்தம் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-க்குள் வேலை முடிய வேண்டும். இது 3-ஆம் பிரிவு. தாமதமானால் வாரம் 500 ரூபாய் கழிவு. இது 5-ஆம் பிரிவு. ஏப்ரல் 15 ஆகியும் கூரை போடவில்லை. உடனே வேறு ஆளை வைக்கலாமா?

பொறுங்கள். நாசிக் பக்கம் ஒரு கால்வாய் வேலையில் அரசாங்கமே அப்படிச் செய்தது. வேலை தாமதம் என்று காண்டிராக்டரை 1956-இல் நீக்கியது. அது தவறு என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏன்? அந்த ஒப்பந்தத்திலேயே தாமதத்துக்கு அபராதம் இருந்தது. கெடுவை நீட்டிக்கவும் வழி இருந்தது. ஆகவே புதுக் கெடு கொடுத்து எச்சரித்திருக்க வேண்டும்.

தாராவிக்காரர் இப்படி எழுதலாம்:

"ஐயா, ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவுப்படி மார்ச் 31-இல் வேலை முடியவில்லை. கூரையும் பூச்சும் பாக்கி. மே 15-க்குள் முடித்துத் தாருங்கள். இதுவே கடைசிக் கெடு. தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும். 5-ஆம் பிரிவுப்படி கழிவும் உண்டு."

இவரே தவணைப் பணம் தராமல் இருந்தால் இந்தக் கடிதம் நிற்காது. அதை முதலில் பார்க்க வேண்டும்.

கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மே 20-இல் வேலை முடிந்தால்? ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்கும்போதே, "தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்பேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அப்படி.