பழைய பதிவும் புதிய தேதியும்

(சென்னிமலையில் இளம் தோழர்களுக்கான எழுத்துப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். உடுமலை சங்கர் நினைவு நாளுக்காக 2018 மார்ச் 13 அன்று ஒரு பதிவு எழுதினேன். பலர் பகிர்ந்தார்கள். 2021இல் அதே நாள் வந்தபோது ஆய்வேட்டு வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பழைய பதிவை அப்படியே எடுத்து மறுபடியும் போட்டுவிட்டேன். சற்று நேரத்தில் கல்லூரி மாணவி ஒருவர் எழுதினார்: "அண்ணா, அவங்க அப்பா விடுதலை ஆகி ஒன்பது மாசம் ஆச்சுங்களே?"

என் பதிவு "ஆறு பேருக்குத் தூக்கு, நீதி வென்றது" என்று முடிந்திருந்தது. 2018இல் அதன் முதல் பாதி சரி. 2021இல் அது பொய்.

உங்களில் பலருக்கு அப்போது பத்து வயதுதான் இருக்கும், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சங்கரும் கௌசல்யாவும் 2015 ஜூலையில் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டார்கள். எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் இருவரும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார், கௌசல்யா பிழைத்தார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. தாய் உட்பட மூவரை விடுவித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தூக்கை, குறைந்தது 25 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. தாய் உள்ளிட்ட மூவரின் விடுதலையும் அப்படியே நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பழைய பதிவைப் போட்டதால் என்ன கெட்டுப்போயிற்று? ஒன்று, விடுதலையான ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது சட்டப்படி அவதூறாகலாம். இரண்டு, அந்த ஒரு வரியைக் காட்டி மற்ற எல்லா வரிகளையும் பொய் என்று சொல்ல ஆதிக்க சாதிக் குழுக்கள் காத்திருக்கின்றன. மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. "நீதி வென்றது" என்று படித்தவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். வீட்டுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஒரு பெண் அதைப் படித்தால், தீர்ப்புக்குப் பயந்து யாரும் இனிக் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பிவிடலாம்.

2026 மார்ச் 13 அன்றோடு பத்து ஆண்டுகள். பழைய பதிவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எப்படித் திருத்துவது என்பதை அதே பதிவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அதைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். காலத்தைச் சுட்டும் சொற்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். என் பதிவில் "இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு", "அண்மையில்", "சிறையில் இருக்கிறார்", "இதுவரை" என்று நான்கு இருந்தன. "இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு" என்பதைத் தேதியாக மாற்றிவிட்டால் அது என்றைக்கும் கெடாது. "சிறையில் இருக்கிறார்" என்பதைப் பதிவிடும் நாளில்தான் சரிபார்க்க முடியும். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அன்றே நீதிமன்ற இணையதளத்தில் பாருங்கள். போன ஆண்டு நாம் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள்.

அடுத்தது சட்டம். "காதலர்களைப் பாதுகாக்க ஒரு வழிகாட்டுதல்கூட இல்லை" என்று எழுதியிருந்தேன். நான் எழுதி இரண்டே வாரத்தில், 2018 மார்ச் 27 அன்று, சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லங்கள் பற்றி உத்தரவிட்டது. ஆகவே இன்றைய கேள்வி வேறு: நம் மாவட்டத்தில் அவை நடைமுறையில் இருக்கின்றனவா? நெல்லையில் கவின் கொல்லப்பட்ட பிறகு, 2025 அக்டோபரில், தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. "தனிச்சட்டம் வேண்டும்" என்ற பழைய வரி இதைச் சேர்த்தால்தான் இன்றைய வரியாகும்.

புதுப்பிக்கிறேன் என்று கெடுத்துவிடவும் முடியும். இ.த.ச. 302 என்றிருந்ததை ஒரு தோழர் புதிய சட்டத்தின் 103 என்று மாற்றிவிட்டார். புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கே பொருந்தும். சங்கர் வழக்கு என்றைக்கும் 302தான்.

இனி முதல் வரி. என் பழைய பதிவு "மறக்க முடியுமா அந்த நாளை?" என்று தொடங்கியது. ஆண்டுதோறும் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம், படிப்பவர் கை தானாக நகர்ந்துவிடுகிறது. பரபரப்புக்காகச் சிலர் வெட்டும் காட்சியின் படத்தைப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார், அவரும் இணையம் பார்க்கிறார். புதிய தொடக்கத்தைப் பதிவுக்குள்ளேயே, பழைய பதிவுக்குப் பிறகு மாறியதில் தேடுங்கள். நான் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "சங்கரை வெட்டியது யார் என்பதில் இரண்டு நீதிமன்றங்களும் ஒத்துப்போயின. வெட்டச் சொன்னது யார் என்பதில் ஒத்துப்போகவில்லை." தந்தை மீதான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் உயர் நீதிமன்றம் சொன்ன காரணம். ஆணவக் கொலை வழக்குகளில் கத்தி பிடித்த கையை நிரூபிப்பதைவிட அதற்குப் பின்னால் இருந்த பேச்சை நிரூபிப்பது ஏன் கடினம் என்ற கேள்விக்குப் படிப்பவரை இந்த வரி கொண்டுபோகிறது.

கடைசியாக நேர்மை. பதிவின் அடியில் "முதலில் எழுதியது 13.3.2018. தீர்ப்பு விவரம் திருத்தப்பட்டது" என்று நாளோடு போடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும்போது எழுதிய தேதி கூடவே போகாது. பதிவுக்குள்ளேயே இருந்தால்தான் போகும். படத்தில் அச்சிட்ட வாசகத்தைப் பிறகு திருத்தவும் முடியாது. அதனால் படத்திலும் ஆண்டு இருக்கட்டும்.

இதற்கு நமக்கு முன்னோடி பாபாசாகேப்தான். 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937இல் மறுபதிப்பு வந்தபோது, உரை வடிவத்தை மாற்றிக் கட்டுரையாக்குங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் மாற்றவில்லை. நிகழ்த்த விடாமல் தடுக்கப்பட்ட உரை என்ற வரலாறு அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் புதிய முன்னுரை எழுதினார், இடையில் வந்த காந்தியின் விமர்சனத்தையும் தம் பதிலையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். பழையது எது, புதியது எது என்று படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எனக்கு எழுதிய அந்த மாணவிக்கு 2021இல் நன்றிகூடச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுப் பதிவை அழித்துவிட்டேன். அழித்திருக்கக் கூடாது, திருத்தி, திருத்தியதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த மார்ச் 13 பதிவின் அடியில் அதையும் எழுதப் போகிறேன்.