ஒரே சாப்பாடு, இரண்டு நேரம்: உங்கள் சுகர் கணக்கை நீங்களே அறிய

(பெசன்ட் நகரில் நடந்த சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுகர் இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "இதைச் சாப்பிடலாமா, கூடாதா?" பக்கத்து வீட்டம்மா கோதுமை நல்லது என்பார், மச்சான் கேழ்வரகு என்பார். அவரவர்க்கு ஒத்துக்கொண்டதைத்தான் அவரவர் சொல்கிறார்கள். உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதைச் சொல்ல, வீட்டில் உள்ள குளுக்கோமீட்டரே போதும்.

நம் சென்னையிலேயே, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், உடல் எடை கூடியவர்களுக்குச் சில நாட்கள் வெள்ளை அரிசியும், சில நாட்கள் தவிடு நீக்காத அரிசியும் கொடுத்துச் சர்க்கரையை அளந்து பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். தவிடு நீக்காத அரிசியில் ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. இது சராசரிக் கணக்கு. 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வு வெளியானது. 800 பேரின் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்தார்கள். அதில் ஒரே உணவு ஒருவருக்கு நன்றாக ஏறியது, இன்னொருவருக்கு அவ்வளவாக ஏறவில்லை. எங்கே தொடங்குவது என்பதற்குச் சராசரி வழிகாட்டும். உங்கள் தட்டில் என்ன நடக்கிறது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேபில் வழக்கமாகச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். ஆனால் இட்லி, இடியாப்பம், வெள்ளைச் சோறு போன்றவை சீக்கிரம் செரிப்பவை. பெரும்பாலோருக்குச் சர்க்கரை உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில். இரண்டு மணி நேரத்தில் அது இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டாவது மணியை மட்டும் பார்த்தால் எவ்வளவு ஏறியது என்பது தெரியாது. முதல் மணியை மட்டும் பார்த்தால் இறங்கியதா என்பது தெரியாது. அதனால்தான் இரண்டும் வேண்டும்.

செய்முறை எளிது. வழக்கமாகச் சாப்பிடும் ஒரு சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை, ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கிடுங்கள், கை கழுவியதிலிருந்து அல்ல. அதே சாப்பாட்டை, அதே அளவில், அதே வேளையில் மூன்று நாட்கள் சாப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் ஒன்பது ஸ்ட்ரிப். நடுவில் ஒரு நாள் பீச்சுக்கு நடக்கப் போய்விட்டு, மறுநாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் கணக்குக் கெட்டுவிடும். நடப்பதே சர்க்கரையைக் குறைத்துவிடும். மூன்று நாளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சகோதரிக்குக் காலையில் நான்கு இட்லி, சட்னி, சாம்பார், ஒரு காபி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சாப்பிடும் முன் 118, ஒரு மணி நேரத்தில் 214, இரண்டு மணி நேரத்தில் 168. இரண்டாம் நாள் 112, 206, 160. மூன்றாம் நாள் 124, 221, 170. தொடங்கிய இடத்திலிருந்து ஏறியதைப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 94 முதல் 97 வரை, இரண்டு மணி நேரத்தில் 46 முதல் 50 வரை. மூன்று நாளும் ஒரே மாதிரி. ஆக, இது தற்செயல் அல்ல.

பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்கிறார். இரண்டு இட்லியைக் குறைத்து, அந்த இடத்தில் ஓர் அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும். காபி அதேதான். ஒரு நாள் 120, 168, 146. மறுநாள் 116, 172, 142. முன்பு 95 அளவில் இருந்த ஏற்றம் இப்போது 50 அளவில் நிற்கிறது. அவர் இட்லியை விட வேண்டியதில்லை, இரண்டோடு நிறுத்தினால் போதும் என்பது தெரிகிறது. அதே நாளில் காபியின் சர்க்கரையையும் நிறுத்தியிருந்தால், எது குறைத்தது என்று சொல்ல முடியாது.

கர்ப்பிணி அல்லாத, சுகர் உள்ள பெரியவர்களில் பலருக்கு, சாப்பிட்டபின் உச்சம் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர் இதை மாற்றுவார். கர்ப்பிணிகளுக்கு இலக்கு இன்னும் கண்டிப்பானது: ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள்.

இப்போது பிரியாணிக்கு வருவோம். "பிரியாணி எனக்கு ஏறுவதில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் 158 பார்த்துவிட்டு மீட்டரை மூடி வைத்திருப்பார்கள். நெய்யும் கறிக் கொழுப்பும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஏற்றம் மெதுவாக வரும். இரண்டு மணி நேரத்தில் 196 ஆகலாம். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் உச்சம் இன்னும் வரவில்லை என்று பொருள். அந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் மூன்றாவது மணியிலும் ஒரு தடவை பாருங்கள். பரோட்டா சால்னாவுக்கும் இதேதான்.

எண்ணை நம்புவதற்கு முன் மீட்டரின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரமான மீட்டரே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம். உண்மை 200 என்றால் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். ஆகவே பத்து, பதினைந்து வித்தியாசத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சாப்பிட்டபின் விரல் ரத்தம் நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். லேப் எண்ணோடு ஒப்பிடாமல் அதே மீட்டரின் எண்களையே ஒப்பிடுங்கள்.

பேரீச்சம்பழமோ மாம்பழமோ தொட்ட விரலில் குத்தினால், தோலில் ஒட்டிய இனிப்பே எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில், ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே டப்பாவை இறுக மூடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இந்தச் சோதனையைச் சாதாரண நாட்களில் செய்யுங்கள். நோன்பு திறக்கும்போது பழம், கஞ்சி, வடை, தொழுகை, பிறகு சாப்பாடு என்று விட்டுவிட்டுச் சாப்பிடுவதால், எந்த உணவு ஏற்றியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. காய்ச்சல் இருக்கும்போதும், ஸ்டீராய்டு மருந்து எடுக்கும்போதும் வேண்டாம். காலை வெறும் வயிற்றிலேயே 200-க்கு மேல் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. உணவுச் சோதனை அப்புறம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றையும் இட்லியையும் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மீட்டரில் பார்த்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இவர்கள் உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றக் கூடாது.

ஒரு நோட்டில் நாள், சாப்பாடு, அளவு, மூன்று எண்கள் என்று எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோங்கள். "சுகர் கூடியிருக்கிறது" என்று மட்டும் சொல்வதைவிட, "நான்கு இட்லிக்கு 95 ஏறுகிறது, இரண்டுக்கு 50 ஏறுகிறது" என்று சொன்னால், அவர் மருந்தைப் பற்றி முடிவெடுக்க அது உதவும்.