ஓடுற பஸ்ஸுக்குள்ள டயலாக் ஷூட் பண்றது எப்படி? போன், கிளாம்ப், கூடவே கொஞ்சம் இயற்பியல்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

குறும்படம் எடுக்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி இது: ஓடுற வண்டிக்குள்ள ரெண்டு பேர் பேசுற சீனை போன்ல எடுக்க முடியுமா, யாருக்கும் அடிபடாம, டயலாக்கும் தெளிவா கேக்கிற மாதிரி? முடியும். ஆனா முதல்ல ஒரு விஷயத்தை முடிவு பண்ணிடணும். பேசுற நடிகர் வண்டி ஓட்டுறாரா, இல்லையா?

உலக சினிமாவுல இதுக்கு ரெண்டு எல்லை இருக்கு. 2002ல ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 'டென்' எடுத்தார். டாஷ்போர்டுல ரெண்டு சின்ன டிஜிட்டல் கேமரா. ஒண்ணு ஓட்டுறவங்களைப் பாக்கும், இன்னொண்ணு பக்கத்து சீட்டைப் பாக்கும். நடிகை நிஜமாவே டெஹ்ரான் டிராஃபிக்ல ஓட்டிக்கிட்டே பேசுவாங்க. இன்னொரு எல்லை 2013ல வந்த 'லாக்'. படம் முழுக்க டாம் ஹார்டி காருக்குள்ளதான். ஆனா கார் நின்னது ஒரு தாழ்வான டிரெய்லர் வண்டி மேல. அதை இழுத்தது வேற டிரைவர். ஹார்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி நடிக்க மட்டும் செஞ்சார்.

நம்ம கையில இருக்கிற செட்டப் பாக்க 'டென்' மாதிரி இருக்கும். ரெண்டு போன், ரெண்டு மவுண்ட், அவ்வளவுதான். ஆனா பாதுகாப்புக்கு 'லாக்' வழிதான் சரி: நடிக்கிறவர் ஓட்டக்கூடாது, ஓட்டுறவர் நடிக்கக்கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர்ல போற வண்டி ரெண்டு செகண்ட்ல 22 மீட்டர் தாண்டிடும். ஒரு வசனத்தை ஞாபகப்படுத்த அந்த ரெண்டு செகண்ட் போதும். ஓட்டுறவர் பேசியே ஆகணும்னா, பேசுற ஷாட்டை வண்டியை நிறுத்தி வச்சு எடுங்க, ஓடுற ஷாட்டைப் பேச்சில்லாம தனியா எடுங்க. அந்தக் கால ஸ்டுடியோ படங்கள்லயும் கார் நின்ன இடத்துலேயே நிக்கும், பின்னாடி திரையில ரோடு ஓடும். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சேலத்துக்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா என்ன!

ஒரு சீனை எடுத்துக்குவோம்

அக்கா, தம்பி. வீடு நாமக்கல் பக்கம். அப்பா லாரியை வித்துட்டார்னு அக்கா பஸ்ல வச்சுச் சொல்றா. தம்பிக்கு அது தெரியாது. மூணு நிமிஷ சீன். ரெண்டு பேரும் இடது பக்க டபுள் சீட்டுல, அக்கா ஜன்னலோரம்.

பயணிகள் ஏறி இறங்குற ரூட் பஸ்ல இதை எடுக்காதீங்க. அவங்க முகத்தையும் குரலையும் கேக்காம பதிவு பண்றது தப்பு, வழியில கம்பி மாட்டி வைக்கிறதும் தப்பு. அரை நாளைக்கு ஒரு மினி பஸ்ஸை டிரைவரோட வாடகைக்கு எடுங்க.

எந்த ரோடு? சேலம் - நாமக்கல் நாலு வழிச்சாலையில லாரிகளுக்கு நடுவுல 40ல ஊர்ந்து போறது நமக்கும் ஆபத்து, பின்னாடி வர்றவங்களுக்கும் ஆபத்து. ராசிபுரத்துலேர்ந்து பேளுக்குறிச்சி வழியா சேந்தமங்கலம் போற ரோடு மாதிரி ஒண்ணு பாருங்க. 40ல மூணு நிமிஷம்னா ரெண்டு கிலோமீட்டர் போதும். முந்தின நாளே அந்த ரெண்டு கிலோமீட்டரை ஓட்டிப் பாத்து வேகத்தடை, பள்ளம், பள்ளிக்கூடம் எங்கெங்க இருக்குன்னு குறிச்சுக்கோங்க.

இதுல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. சேலத்துக்கு நேர் தெற்குல நாமக்கல். இந்த ரோடும் கிட்டத்தட்ட தெற்கு நோக்கித்தான் போகுது. காலையில தெற்கே போனா வெயில் இடது ஜன்னல் வழியா வரும், ஜன்னல்ல கொல்லிமலையும் தெரியும். திரும்பி வரும்போது அதே ஜன்னல் மேற்கு பாக்கும். வெயிலும் போச்சு, மலையும் போச்சு. போறப்போ ஒரு டேக், வர்றப்போ ஒரு டேக் எடுத்து எடிட்ல ஒட்டினா, அக்கா முகத்துல வெயில் வந்து வந்து போகும். அதனால எல்லா டேக்கும் தெற்கே போகும்போது மட்டும். திரும்பி வர்ற ஓட்டத்துக்கு வேற வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

போனை எங்க, எப்படி மாட்டுறது?

முதல் போன், முன் சீட்டு முதுகுல இருக்கிற கைப்பிடிக் கம்பியில. ரெண்டு பேரையும் நேரா பாக்கும். ரெண்டாவது போன், நடுவழிக்கு அந்தப் பக்க சீட்டோட கம்பியில. பக்கவாட்டுல முகங்கள், பின்னாடி ஜன்னல். கம்பிக்கு கிளாம்ப்தான் சரி. வெயில்ல, புழுதியில உறிஞ்சி ஒட்டுற மவுண்ட் எப்ப விடும்னு சொல்ல முடியாது. கார்ல அதைத்தான் பயன்படுத்தணும்னா துடைச்ச கண்ணாடியில ஒட்டுங்க, சொரசொரப்பான டாஷ்போர்டுல வேண்டாம். ஏர்பேக் விரியிற இடத்துலயும் டிரைவரோட பார்வையிலயும் எதுவும் இருக்கக்கூடாது.

கிளாம்போட கழுத்து எவ்வளவு நீளம்ங்கிறது முக்கியம். ஒரு முனையில மட்டும் பிடிச்ச கம்பியோட மறுமுனை வளையிற அளவு, நீளத்தோட கன மடங்குல ஏறும். நீளத்தைப் பாதியாக்கினா அதே எடைக்கு வளைவு எட்டுல ஒரு பங்குதான். வளையிற நீளக் கழுத்தை வாங்கிட்டு ஆடுது ஆடுதுன்னு புலம்புறதுக்கு, கட்டைக் கழுத்தை வாங்கிட்டு ஷாட்டை அதுக்கேத்த மாதிரி வைக்கலாம்.

கிளாம்ப் எவ்வளவு நல்லா இருந்தாலும் போனுக்கு ஒரு நைலான் கயிறு தனியா கட்டுங்க. மணிக்கு 40ல போகும்போது வண்டி எதுலயாவது மோதி நின்னா, கட்டாத போன் அதே வேகத்துல முன்னாடி பறக்கும். ஆறு மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற பொருளுக்கு இருக்கிற வேகம் அது. மாடி வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து ஒருத்தர் தலை மேல போன் விழுறதா நினைச்சுக்கோங்க.

ஸ்டெபிலைசேஷனை அணைக்கணுமா?

ஆமா. கேக்க வினோதமா இருக்கும். போன் தன்னோட ஆட்டத்தை ஜைரோ சென்சார் மூலமா தெரிஞ்சுக்குது. அந்த சென்சார் அளக்கிறது பூமியைப் பொறுத்த திருப்பத்தை. ஆனா நம்ம போன் பஸ்ஸோட சேர்த்துக் கட்டப்பட்டிருக்கு, நடிகர்களும் அதே பஸ்ஸுலதான் இருக்காங்க. பஸ் வளைவுல திரும்பும்போது 'யாரோ என்னைத் திருப்புறாங்க'ன்னு போன் நினைச்சு, படத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். ஃபிரேமுக்குள்ள அசையவே அசையாத சீட்டும் முகமும் வழுக்கிப் போய், பிறகு துள்ளித் திரும்பும்.

சில போன்கள்ல கூடவே வர்ற கேமரால இதை முழுசா அணைக்க முடியாது. `Blackmagic Camera` இலவசமா கிடைக்குது, அதுல `Stabilization` பகுதியில `Off` போடலாம். லென்ஸே மிதக்கிற வகையும் உண்டு. பெரிய இன்ஜின் அதிர்வு அதைக் கெடுக்கலாம்னு ஆப்பிளே எச்சரிச்சிருக்கு. அதனால கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவுல ரப்பர் பட்டை கொடுங்க.

சோதிக்கிறது சுலபம். வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டு பத்து செகண்ட் பதிவு பண்ணுங்க. ஜன்னல் சட்டத்தோட நேர்க்கோட்டைப் பாருங்க. கோடு ஜெல்லி மாதிரி நெளிஞ்சா மவுண்ட் ஆடுது. கழுத்தைக் குறைக்கணும், இல்ல வேற கம்பிக்கு மாறணும். அப்புறம் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் முகத்துல வச்சு லாக் பண்ணிடுங்க. இல்லன்னா ஒவ்வொரு புளியமரத்து நிழலுக்கும் முகம் வெளுத்துக் கறுக்கும்.

சத்தம்

போனோட சொந்த மைக்கை இங்க நம்பாதீங்க. ஆளுக்கு ஒரு காலர் மைக், அது போய்ச் சேர்ற போன் அவங்க பாக்கெட்லயே, ஏரோபிளேன் மோட்ல. கார்னா மைக்கை பெல்ட் உரசாத பக்கம் குத்துங்க: நம்ம ஊர் டிரைவருக்கு பெல்ட் வலது தோள்ல வரும், பக்கத்து சீட்டுக்கு இடது தோள்ல. கிளம்புறதுக்கு முன்னாடி எல்லா போன்லயும் ரெக்கார்டை ஓடவிட்டு, எல்லா கேமராவுக்கும் தெரியிற மாதிரி ஒரு தடவை கையைத் தட்டுங்க. எடிட்ல அந்தத் தட்டலை வச்சு எல்லா ட்ராக்கையும் சேர்த்துடலாம்.

ஜன்னல் எல்லாம் மூடி இருக்கணும். ஃபேன், ஏசி ரெண்டும் ஆஃப். நம்ம ஊர் வெயில்ல மூணு நிமிஷத்துக்கு மேல தாங்காது, அதனாலதான் சீனும் மூணு நிமிஷம். இடைவெளியில போனை நிழலுக்குக் கொண்டு வாங்க. ஐபோன் 35 டிகிரி வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்லியிருக்காங்க, மூடின வண்டி அதை சுலபமா தாண்டும். சீட்டைப் பொறுத்தவரை ரெண்டு அச்சுக்கும் நடுவுல உக்காருங்க: முன்னாடி இன்ஜின் சத்தம், பின்னாடி குலுக்கல்.

நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிஷத்துக்கு 750 சுத்து சுத்தும்போது செகண்டுக்கு 25 வெடிப்பு. மனுஷப் பேச்சு அதுக்கு மேலதான் தொடங்குது. அதனால கீழ் அலைகளை வெட்டினா உறுமல் குறையும், வார்த்தை போகாது:

```
ffmpeg -i akka.wav -af highpass=f=90 akka2.wav
```

ஆனா கியர் மாத்துற சத்தத்தை எந்த ஃபில்டரும் எடுக்காது. ஒரு டேக்ல மூணாவது கியர், அடுத்ததுல நாலாவதுன்னா வெட்டி ஒட்டுற இடத்துல இன்ஜினோட சுருதி மாறும், கேக்கிறவங்க உடனே கண்டுபிடிப்பாங்க. டிரைவர் அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லுங்க: அந்த ரெண்டு கிலோமீட்டரும் ஒரே கியர், ஒரே வேகம். ஆனா ரோட்டுல ஆடோ மாடோ வந்தா பிரேக்தான் முக்கியம், டேக் இல்ல.

திரும்பி வர்ற ஓட்டத்துக்கு வேலை இருக்குன்னு சொன்னேன்ல? அப்போ யாரும் பேசாம, அதே கியர்ல ரெண்டு நிமிஷம் வண்டிச் சத்தத்தை மட்டும் எடுங்க. எடிட்ல எல்லா வெட்டுக்கும் அடியில இதை விரிச்சா ஒட்டுத் தெரியாது. கடைசியா வண்டியை அமைதியான இடத்துல ஓரங்கட்டி, இன்ஜினை அணைச்சு, அதே சீட்டுல உக்காந்து முழு டயலாக்கையும் ஒரு தடவை பேசச் சொல்லுங்க. 'அப்பா லாரியை வித்துட்டாருடா'ங்கிற வரி ஓடும்போது ஏர் ஹாரன்ல மூழ்கிடுச்சுன்னா இந்தப் பதிவுதான் காப்பாத்தும். ஒண்ணு மட்டும், ஓடும்போது பேசின அதே உரத்த குரல்ல பேசணும். மெதுவா பேசினா வாய்க்கும் குரலுக்கும் ஒட்டாது.

டிரைவர் அண்ணன்கிட்ட யார் பேசுறது?

ஒரே ஒருத்தர். அவர் டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்து 'நிறுத்துங்கண்ணா', 'கிளம்பலாம்ண்ணா' மட்டும் சொல்வார். ஆக்‌ஷன், கட் எல்லாம் டிரைவர் காதுல விழவே வேண்டாம். வண்டி ஓடும்போது யாரும் எழுந்து கேமராவைத் தொடக்கூடாது. ஃபிரேம் கோணலா? இருக்கட்டும், அடுத்த டேக்ல சரி பண்ணலாம். படிக்கட்டுலயோ கூரையிலயோ ஒருத்தரை உக்கார வச்சு ஷாட் எடுக்கிறதை மோட்டார் வாகனச் சட்டத்தோட 123வது பிரிவே தடை பண்ணுது. ஓட்டுறவர் கையில போன் பிடிச்சா 184வது பிரிவு, முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரை சிறையோ, ரெண்டுமோ.

இப்படிப் பிளான் பண்ணா ஒரு காலையில நாலு டேக், ஒரு வண்டிச் சத்தம், ஒரு நிறுத்திப் பேசின ட்ராக் கிடைக்கும். மூணு நிமிஷ சீனுக்கு அது தாராளம். நீங்க எடுத்த பஸ் சீன் இருந்தா அனுப்புங்க, சேர்ந்து கேக்கலாம். அடுத்த எபிசோட்ல பாப்போம்.