சரக்கு வர எத்தனை நாள்? இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன தீபாவளி சமயம் நம் கூட்டமைப்பின் மாட்டுத் தீவனக் கடை ஆறு நாள் காலியாக இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உறுப்பினர்கள் வெளிக் கடையில் வேறு தீவனம் வாங்கிப் போட்டாங்க. திடீரென்று தீவனம் மாறினால் மாட்டுக்கு ஒத்துக்கொள்ளாது. தின்பது குறையும், சில மாட்டுக்குச் சாணம் இளகும், பால் இறங்கும். காலையில் 5 லிட்டர் கறந்த மாடு மூன்றரை லிட்டருக்கு வந்துவிட்டது என்று ஒரு அக்கா இதே இடத்தில் நின்று அழுதாங்க. "நம்ம கடைன்னுதானே நம்பினோம்" என்று அவங்க கேட்டதற்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பதில் கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் கடை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கடையை நம்பி சுமார் 50 கறவை மாடுகள் இருக்கின்றன. மாட்டுக்கு நாளைக்கு 4 கிலோ என்றால் 200 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் நாளைக்கு 4 மூட்டை விற்கிறது. வண்டி வாடகை கட்டுப்படியாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் 60 மூட்டை வாங்குகிறோம். பணம் கட்டினால் அஞ்சு நாளில் சரக்கு வரும் என்று ஆலைக்காரர் சொல்லியிருந்தார். அஞ்சு நாளுக்கு 4 மூட்டை வீதம் 20 மூட்டை. அதனால் இருப்பு 20 மூட்டைக்கு வந்ததும் ஆர்டர் போடுவது என்று தீர்மானம் எழுதினோம். இந்த 20 மூட்டைக்குப் பெயர்தான் மறு ஆர்டர் அளவு.

கணக்கு சரிதானே? பெருக்கல் சரிதான். ஆனால் அந்த 'அஞ்சு நாள்' என்பது ஆலைக்காரர் வாயால் சொன்னது. அது உண்மையில் அஞ்சு நாளா என்று நாம் பார்க்கவே இல்லை.

பிறகு கடைசி 12 ஆர்டருக்கும் பதிவேட்டை எடுத்தோம். எந்த நாளில் இருப்பு 20 மூட்டைக்கு வந்தது என்று இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. பணம் கட்டிய நாள் வங்கி பாஸ்புத்தகத்தில் இருக்கிறது. மூட்டை இறங்கிய நாள் மறுபடியும் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. இருப்பு 20-க்கு வந்த நாளிலிருந்து மூட்டை இறங்கிய நாள் வரை எண்ணினோம். பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணக் கூடாது சகோதரிகளே. பணம் கட்டத் தாமதமானால் அந்த நாளிலும் மாடு தின்றுகொண்டுதானே இருக்கும்?

பன்னிரண்டு முறைக்கும் வந்த நாட்கள் இவை: 5, 4, 6, 5, 9, 5, 6, 4, 11, 5, 7, 5.

இதைப் புரிந்துகொள்ள நாங்கள் கடை ஊக்குநர்களோடு உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டோம். கோட்டின் கீழே 4 முதல் 11 வரை எண் எழுதினோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு புளியங்கொட்டை. எத்தனை நாளில் சரக்கு வந்ததோ அந்த எண்ணுக்கு மேலே வைத்தோம். 4-ல் இரண்டு கொட்டை, 5-ல் அஞ்சு, 6-ல் இரண்டு, 7-ல் ஒன்று, 9-ல் ஒன்று, 11-ல் ஒன்று. பெரும்பாலான கொட்டைகள் 5-ஐச் சுற்றிக் குவிந்திருந்தன. ஆனால் வலது பக்கம் ஒரு வால் நீண்டிருந்தது. நம்மை அழவைத்தது அந்த வால்தான்.

இப்போ எண்ணிப் பாருங்க. 5-க்கு வலது பக்கம் அஞ்சு கொட்டை இருக்கிறது. அப்படியானால் 20 மூட்டையில் ஆர்டர் போட்டபோது 12 முறையில் 5 முறை கடை காலியாகியிருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் காலியானதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு நாள் ஆனபோதுதான் கண் திறந்தது.

"சரி, சராசரி எடுத்துக்கொள்வோமே" என்று ஒரு சகோதரி சொன்னாங்க. எல்லாவற்றையும் கூட்டினால் 72. பன்னிரண்டால் வகுத்தால் 6 நாள். ஆறு நாளுக்கு 24 மூட்டை. அப்போது கடை காலியாகாதா? கோட்டைப் பாருங்க. 6-க்கு வலது பக்கம் இன்னும் மூன்று கொட்டை இருக்கிறது. மூன்று முறை காலியாகும். சீக்கிரம் வந்த நாட்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஆனால் போன முறை ஒரு நாள் முன்னால் வந்தது என்பதற்காக இந்த முறை தாமதமாகும் சரக்கு சீக்கிரம் வராது. அதனால் சராசரிக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக வைக்கத்தான் வேண்டும். அந்தக் கூடுதலுக்குப் பெயர்தான் பாதுகாப்பு இருப்பு.

எவ்வளவு கூடுதல்? கொட்டைகளே சொல்லும். 7 நாளுக்கு, அதாவது 28 மூட்டையில் ஆர்டர் போட்டால் 12-ல் இரண்டு முறை காலியாகும். 9 நாளுக்கு, 36 மூட்டையில் போட்டால் ஒரு முறை. 11 நாளுக்கு, 44 மூட்டையில் போட்டால் பதிவேட்டில் உள்ள எந்த முறையும் காலியாகாது. சராசரி 24 போக மீதி 20 மூட்டை பாதுகாப்பு இருப்பு.

அப்போ 44 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாமா? அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாலில் இருக்கும் ஒவ்வொரு கொட்டையையும் கையில் எடுத்து, ஏன் இங்கே வந்தாய் என்று கேட்க வேண்டும்.

9 நாள் ஆனது ஏன்? பாஸ்புத்தகத்தைப் பார்த்தோம். இருப்பு 20-க்கு வந்து நான்கு நாள் கழித்துத்தான் பணம் கட்டியிருக்கிறோம். கையெழுத்துப் போடும் இரண்டு பேரில் ஒருவர் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். பணம் கட்டிய அஞ்சாம் நாள் சரக்கு வந்துவிட்டது. ஆலைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம், தாமதம் நம்முடையது. இதற்கு நான்கு நாள் தீவனத்தை அடுக்கி வைப்பது மருந்து இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் ஊருக்குப் போவதற்கு முன்பே ஆர்டர் பணத்தைக் கட்டிவிட வேண்டும், அல்லது மூன்றாவது ஆளுக்கும் அதிகாரம் கொடுத்து வங்கியில் பதிய வேண்டும். தீர்மானம் போட்டாயிற்று. எனவே அந்தக் கொட்டையை 9-லிருந்து 5-க்கு நகர்த்தினோம்.

7 நாள் ஆனது வழியில் வண்டி பழுதானதால். அது எந்த மாதத்திலும் நடக்கும், நம் கையில் இல்லை. அந்தக் கொட்டை அங்கேயே இருக்கட்டும்.

11 நாள் தீபாவளி சமயம். ஆலையில் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், லாரி கிடைக்கவில்லை, மழையும் சேர்ந்துகொண்டது. "அது எப்பவோ ஒரு தடவை நடந்தது, கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று சிலர் சொன்னாங்க. தீபாவளி வருடா வருடம் வரும், வடகிழக்குப் பருவமழையும் வரும், பொங்கலும் வரும். அதனால் அந்தக் கொட்டையைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் அது ஒரு காலத்துக்கு உரியது.

ஆகவே இரண்டு அளவு வைத்தோம். சாதாரண மாதங்களில் 28 மூட்டையில் ஆர்டர். அந்த மாதங்களில் சராசரி 5 நாளுக்குச் சற்று மேல், அதாவது 21 மூட்டை போதும் என்பதால் பாதுகாப்பு இருப்பு 7 மூட்டைதான். அக்டோபர் தொடக்கத்திலிருந்து பொங்கல் முடியும் வரை 44 மூட்டையில் ஆர்டர்.

வருடம் முழுக்க 44 வைத்தால் என்ன நஷ்டம்? 16 மூட்டை கூடுதலாக எப்போதும் அறையில் இருக்கும். மூட்டை 1,200 ரூபாய் என்று வைத்தால் 19,200 ரூபாய். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி போட்டால் மாதம் 192, வருடத்துக்கு 2,304 ரூபாய். அக்டோபரிலிருந்து பொங்கல் வரை மூன்றரை மாதத்துக்கு மட்டும் என்றால் 672 ரூபாய்தான். அந்தக் காலத்தில் 28 மட்டும் வைத்து 11 நாள் தாமதமானால் நான்கு நாள் கடை காலி, 16 மூட்டை வெளியே வாங்க வேண்டும். மூட்டைக்கு 60 ரூபாய் அதிகம் என்றால் 960 ரூபாய் போய்விடும். இறங்கிய பாலை இதில் சேர்க்கவே இல்லை. மழைக்காலத்தில் கூடுதல் இருப்பு லாபம், மற்ற மாதங்களில் அது வெறும் வட்டிச் சுமை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 44-ல் ஆர்டர் போட்டு நான்கே நாளில் சரக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? 16 மூட்டை விற்று 28 இருக்கும்போது 60 இறங்கும். மொத்தம் 88 மூட்டை. அது தீர 22 நாள் ஆகும். மழைக்காலத்தில் ஈரம் பட்ட தீவனம் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு மாட்டுக்குக் கேடு, பாலிலும் இறங்கும். அதனால் மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கணும். பழைய மூட்டையை முன்னால் வைத்து முதலில் விற்கணும். 88 மூட்டை ஒழுகாத இடத்தில் வைக்க முடியாத கடை 44 என்று எழுதவே கூடாது.

இந்தக் கணக்கு எப்போது தப்பாகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் கடையில் தினம் 4 மூட்டை என்பது பெரிதாக மாறுவதில்லை. மாவு, மசாலாப் பொடி விற்கும் குழுக்களுக்கு விற்பனையே ஏறி இறங்கும். அவங்க நாட்களை எண்ணுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஆர்டருக்கும் காத்திருந்த நாட்களில் மொத்தம் எவ்வளவு போனது என்று எழுதி, அந்த எண்களுக்குக் கொட்டை வைக்கலாம். தாமதமும் விற்பனையும் இரண்டும் அதில் வந்துவிடும். சரக்கு தீர்ந்த நாளில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களையும் சேர்த்து எழுதணும். இல்லாவிட்டால் விற்பனை குறைவு என்று பதிவேடு பொய் சொல்லும்.

இன்னொன்று, 12 கொட்டை என்பது கொஞ்சம்தான். நாளைக்கே 13 நாள் ஆகும் ஒரு ஆர்டர் வரலாம். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கொட்டை சேர்த்துக்கொண்டே வாங்க, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோட்டைப் பார்த்து அளவை மாற்றுங்க. வாரக் கூட்டத்தில் மட்டும் இருப்பை எண்ணுகிற பழக்கமும் வேண்டாம். கூட்டம் முடிந்த மறுநாள் இருப்பு 28-க்கு வந்தால் ஆறு நாள் யாருக்கும் தெரியாது. 28 பாதுகாப்பதே 7 நாளைத்தான். கடையைப் பூட்டும்போது தினமும் எண்ணணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தொழில் செய்யும் குழுக்கள் கடைசி 12 ஆர்டரின் இரண்டு தேதிகளை எழுதி எடுத்து வாருங்கள்: இருப்பு ஆர்டர் அளவுக்கு வந்த தேதி, சரக்கு இறங்கிய தேதி. புளியங்கொட்டை நாங்கள் கொண்டு வருகிறோம்.