அடிவயித்துல இருந்து ஏறுற அந்தச் சூடு: சின்ன வயசில் மாதவிடாய் நின்றால்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "டாக்டர், எனக்கு 35 வயசு கூட ஆகல. பீரியட்ஸ் நின்னுபோச்சு, உடம்பெல்லாம் அனலா அடிக்குது. ஹார்மோன் மாத்திரை போடலாமா கூடாதா?" இதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. எதனால நின்னுச்சுங்கறதைப் பொறுத்துத்தான் பதில். அதனால ரெண்டு பெண்களைப் பத்திச் சொல்றேன். ரெண்டு பேரும் அறந்தாங்கிப் பக்கம்தான். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

முதல் பெண்ணுக்கு 34 வயசு, ரெண்டு பிள்ளைங்க. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு கீமோதெரபி போனாங்க. அதுல சைக்ளோபாஸ்பமைடுன்னு ஒரு மருந்து உண்டு. புற்றுநோய் செல்களை அழிக்கிற மாதிரியே அது சினைப்பையில இருக்கிற கருமுட்டைகளையும் தாக்கும். மூணாவது சுற்றுலயே பீரியட்ஸ் நின்னுபோச்சு. சிகிச்சை முடிஞ்சதும் தமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம் தினமும் ஒண்ணு. இந்த மாத்திரையும் அனலைக் கூட்டும்.

அவங்க சொன்ன விதத்துலயே சொல்றேன்: "அடிவயித்துல இருந்து குபுகுபுன்னு ஏறி நெஞ்சு, கழுத்து, முகம் வரைக்கும் வருது. ரெண்டு மூணு நிமிஷம். அப்புறம் வேர்த்துக் கொட்டி, உடனே குளிருது." ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை. ராத்திரி நைட்டி மாத்த எழுந்திருக்கணும். சித்திரை வெயில்ல இது வேற. வீட்டுல "வெயிலுக்கு எல்லாருக்கும்தான் வேர்க்குது"ன்னு சொல்லிட்டாங்களாம். வெயில் வேர்வை இப்படி அலை அலையா வந்து போகாது. அதேபோல சாயங்காலம் காய்ச்சல், எடை குறையுறது, இருமல் இதெல்லாம் சேர்ந்து ராத்திரி வேர்த்தா அது மெனோபாஸ்னு விட்டுடாதீங்க. காசநோய், தைராய்டு, புற்றுநோய் திரும்பியிருக்கான்னு பார்க்கணும்.

இவங்களுக்கு வந்தது ஹார்மோனை உணவா எடுத்து வளர்ற வகைக் கட்டி. ரிப்போர்ட்ல 'இ.ஆர். பாசிட்டிவ்'னு போட்டிருக்கும். அதனால ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு ஸ்வீடன்ல நடந்தது. நோய் திரும்பறது அதிகமா இருந்ததால பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

அப்போ என்ன வழி? இங்கதான் ஒரு சிக்கல் இருந்தது. மனசு சரியில்லைன்னு வேற ஒரு இடத்துல அவங்களுக்கு ஃப்ளூவாக்ஸெடின் எழுதிக் கொடுத்திருந்தாங்க. மனச்சோர்வுக்கு நல்ல மருந்துதான், அனலையும் ஓரளவு குறைக்கும். ஆனா நாம விழுங்குற தமாக்ஸிஃபென் கல்லீரல்ல போய் வேற பொருளா மாறினாத்தான் முழுசா வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஃப்ளூவாக்ஸெடினும் பராக்ஸெடினும் தடுக்கும். மாத்திரை போட்டுக்கிட்டே இருப்போம், உள்ளே பலன் குறைவா இருக்கும். வெளியில ஒரு அறிகுறியும் தெரியாது. அதான் பயம்.

அதனால புற்றுநோய் மருத்துவரோட பேசி, அந்த மாத்திரையை வென்லாஃபாக்ஸினுக்கு மாத்தினோம். இது தமாக்ஸிஃபெனைப் பெருசாத் தொந்தரவு பண்ணாது. 37.5 மில்லிகிராம்ல ஒரு வாரம், அப்புறம் 75. முதல் சில நாள் குமட்டல், வாய் வறட்சி இருக்கும், சாப்பிட்டு போட்டா கொஞ்சம் தேவலை. ரத்த அழுத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, தலைசுத்தும், படபடப்பு வரும். ஒரு மாசத்துல அவங்களுக்குப் பன்னெண்டு தடவைங்கறது நாலா குறைஞ்சது. முழுசாப் போகல, ஆனா தூங்க முடிஞ்சது. ராத்திரி அனல் மட்டும்தான் பிரச்சினைன்னா, படுக்கும்போது கபாபென்டின் 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்ப்போம். காலையில கொஞ்சம் மந்தமா இருக்கும்.

ஒரு விஷயம் இவங்ககிட்ட அழுத்திச் சொன்னேன். பீரியட்ஸ் நின்னுடுச்சுன்னா கரு உருவாகாதுன்னு அர்த்தம் இல்லை. 40 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கீமோ முடிஞ்சு ஆறு மாசத்துலயோ ரெண்டு வருஷத்துலயோ சினைப்பை மறுபடி விழிச்சுக்கலாம். தமாக்ஸிஃபென் எடுக்கும்போது கரு தரிச்சா குழந்தைக்கு ஆபத்து. கருத்தடை மாத்திரை ஹார்மோன், அது வேண்டாம். காப்பர்-டி அல்லது ஆணுறை. இதைக் கணவரையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னேன்.

ரெண்டாவது பெண் கதை நேர் எதிர். 37 வயசு, ரத்தப்போக்கு அதிகம்னு கர்ப்பப்பையை எடுத்தாங்க. "கர்ப்பப்பை மட்டும்தான் எடுத்தாங்க"ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தா 'டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.'ன்னு இருந்தது. பி.எஸ்.ஓ.ன்னா ரெண்டு சினைப்பையும் சேர்த்து எடுத்தாச்சுன்னு அர்த்தம். உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தா இன்னைக்கே சீட்டை எடுத்துப் பாருங்க. இயற்கையா நிக்கும்போது ஹார்மோன் சில வருஷத்துல மெதுவா இறங்கும். ஆபரேஷன்ல அது ஒரே நாள்ல விழுந்துடும், அதான் அனலும் கடுமையா அடிக்குது.

இவங்க பயாப்ஸியில புற்றுநோய் இல்லை. ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்ததில்லை. அக்கம்பக்கத்துல "ஹார்மோன் போட்டா கேன்சர் வரும்"னு பயமுறுத்தியிருந்தாங்க. அந்தப் பயம் 2002-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல இருந்து பரவினது. அதுல இருந்த பெண்களோட சராசரி வயசு 63. 37 வயசுப் பெண்ணுக்கு நாம கொடுக்கிறது கூடுதல் ஹார்மோன் இல்லை, அந்த வயசுல இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கறோம். கொடுக்காம விட்டாத்தான் எலும்பும் இதயமும் சீக்கிரம் பாதிக்கும். நடிகை ஏஞ்சலினா ஜோலி பரம்பரை மரபணுக் கோளாறுக்காக 2015-ல சினைப்பைகளை எடுத்துக்கிட்டு, ஹார்மோன் ஒட்டுப்பட்டை போட்டுக்கறதைப் பத்தி அவங்களே எழுதினாங்க.

இவங்களுக்குக் கர்ப்பப்பை இல்லாததால ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்குப் புரோஜெஸ்ட்ரோனும் கூடவே வேணும், இல்லைன்னா உள் சவ்வு தடிச்சுப் பிற்காலத்துல புற்றுநோய் வரலாம். சாதாரணமா மெனோபாஸ் வர்ற வயசு வரைக்கும், அதாவது 50 வாக்குல வரை, வருஷா வருஷம் பார்த்துத் தொடரலாம்.

ரெண்டு பேருமே வெளியே சொல்லத் தயங்கினது தாம்பத்தியத்துல எரிச்சல், வறட்சி. நான் கேட்டதும்தான் சொன்னாங்க. தண்ணி சார்ந்த ஜெல் மருந்துக்கடையில கிடைக்கும். தேங்காய் எண்ணெய் கூடச் சிலருக்கு ஒத்துக்கும், ஆனா ஆணுறையோட சேர்த்தா ரப்பர் கிழிஞ்சுடும். ஈஸ்ட்ரோஜன் கிரீம் ரெண்டாவது பெண்ணுக்குக் கொடுக்கலாம். முதல் பெண்ணுக்கு ஜெல் பலன் தராதபோது மட்டும், புற்றுநோய் மருத்துவர் சம்மதத்தோட.

எலும்புக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அறிவுரை. வைட்டமின் டி பார்க்கணும், டெக்ஸா ஸ்கேன் ஒண்ணு எடுக்கணும். கேழ்வரகு, எள்ளு, கோட்டைப்பட்டினம் பக்கத்துல இருந்து வர்ற நெத்திலி, முள்ளோட சாப்பிட்டா நல்ல கால்சியம். கருவாடுன்னா உப்பை நல்லா அலசிட்டு.

கடைசியா ஒரு நேயர் கேட்டது. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி சாப்பிடலாமா? ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவங்க வேண்டாம், அதுல ஈஸ்ட்ரோஜன் மாதிரியான பொருட்கள் இருக்கு, எவ்வளவுன்னு டப்பாவுல எழுதியிருக்காது. சோயா மாத்திரையும் அப்படித்தான். குழம்புல போடுற சோயா உருண்டைக்கு அந்தத் தடை இல்லை. டாக்டர்கிட்ட போகும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை, பொடி, லேகியத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோங்க. கூடவே பயாப்ஸி ரிப்போர்ட்டும்.